அம்மாவா, அப்பாவா என்று கேட்காத கடிதம்

"டாக்டர், வர்ற வெள்ளிக்கிழமை வாய்தா. அதுக்குள்ள ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா போதும்."

போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் டாக்டர் இல்லை, உளவியலாளர் என்று திருத்திச் சொல்லி அலுத்துவிட்டேன். என்ன லெட்டர் என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும். "பையனுக்கு அவங்க அப்பாவைக் கண்டாலே பயம்னு எழுதணும்." அடுத்த வாரம் வேறொரு வீட்டு அப்பா கூப்பிடுவார். "அவ பிள்ளையை எனக்கு எதிரா ஏத்திவிட்டிருக்கா, சார். அதைச் சீல் போட்டுக் குடுங்க."

இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். நான் பார்க்காத மனிதரைப் பற்றி என்னால் எழுத முடியாது. குழந்தையைப் பார்த்தால் குழந்தையைப் பற்றி எழுதலாம். அதையும், யார் அழைத்து வந்தார்கள், எத்தனை முறை பார்த்தேன் என்பதோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள். கேட்டபடி எழுதித் தருபவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை.

பெற்றோர் பிரிந்தபின் குழந்தையின் மனத்தேவை குறித்து உளவியலாளர் குடும்ப நீதிமன்றத்துக்கு எழுதும் கடிதம் இரண்டு வகைப்படும். ஒன்று, ஏற்கெனவே குழந்தைக்குச் சிகிச்சை தருபவர் எழுதுவது. குழந்தை தூங்குவதில்லை, பள்ளிக்குப் போக அழுகிறது, இத்தனை மாதமாக வந்துபோகிறது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லக் கூடாது. அவர் கேட்டது ஒரு வீட்டுக் கதை மட்டும்தான். அதோடு, அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக மறுதரப்பு நினைத்தால் குழந்தையின் சிகிச்சையும் அன்றோடு நின்றுபோகும்.

இன்னொன்று, நீதிமன்றமே கேட்டு வாங்குவது. குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984-இன் 12-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. மருத்துவரையோ குடும்ப நலத்தில் அனுபவமுள்ள ஒருவரையோ, முடிந்தால் ஒரு பெண்ணை, உதவிக்கு அழைக்கலாம் என்கிறது அது. 14-ஆம் பிரிவு இன்னும் தாராளமானது. சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதோ இல்லையோ, வழக்கைத் தீர்க்க உதவும் என்று தோன்றினால் எந்த அறிக்கையையும் நீதிபதி வாங்கிப் பார்க்கலாம். கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதால்தான் நல்ல கடிதத்தோடு மோசமான கடிதமும் உள்ளே வந்துவிடுகிறது.

இரண்டாவது வகைக் கடிதம் எப்படி உருவாகிறது என்று ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறேன். இது ஒரே குழந்தையின் கதை அல்ல. என் அறைக்கு வந்துபோன பலரைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி செய்த குழந்தை. கதிர் என்று வைத்துக்கொள்வோம்.

கதிருக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. அம்மாவோடு பாட்டி வீட்டில் இருக்கிறான். பெற்றோர் பிரிந்து 14 மாதம். ஞாயிறுதோறும் காலை 10 முதல் மாலை 5 வரை அப்பாவோடு இருக்க இடைக்கால உத்தரவு. சனிக்கிழமை இரவானால் வாந்தி. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு வயிற்றில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாவைப் பார்க்கப் பயந்துதான் வாந்தி எடுக்கிறான், சந்திப்பை நிறுத்த வேண்டும் என்கிறது அம்மாவின் மனு. இதெல்லாம் சொல்லிக் கொடுத்து நடப்பது, பையனை என்னிடமே தர வேண்டும் என்கிறது அப்பாவின் பதில் மனு. நீதிமன்றம் என்னிடம் கேட்ட கேள்வி இரண்டு வரிதான். சந்திப்பை ஒட்டிக் குழந்தையின் உடல்நலம் ஏன் கெடுகிறது? அவன் மனத்தேவைக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

இந்தக் கேள்வியைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் ஆசையிலிருந்து அது என்னையே காப்பாற்றும். கஸ்டடி யாருக்கு என்று நீதிமன்றம் கேட்கவில்லை, ஆகவே அந்தச் சொல்லே கடிதத்தில் வராது.

ஐந்து வாரத்தில் ஏழு சந்திப்புகள். அம்மாவைத் தனியாக ஒருமுறை, அப்பாவைத் தனியாக ஒருமுறை. கதிரை நான்கு முறை; அதில் இரண்டு முறை அம்மா அழைத்து வர வேண்டும், இரண்டு முறை அப்பா. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன், ஏனென்றால் யார் வெளியே உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரிதான் குழந்தை உள்ளே பேசும். மீதி ஒன்று வகுப்பு ஆசிரியையோடு. அவருக்கு இந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை, திங்கட்கிழமைக் கதிரையும் வியாழக்கிழமைக் கதிரையும் பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.

அம்மா அழைத்து வந்த நாளில் கதிர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே சொன்னான், "அப்பா எங்களை நிர்க்கதியா விட்டுட்டுப் போயிட்டார்." ஏழு வயதுப் பையன் வாயில் நிர்க்கதி. நிர்க்கதின்னா என்னப்பா என்று கேட்டேன். தெரியவில்லை. சரி, அன்னைக்கு என்ன நடந்தது என்றேன். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னான்.

கடன் வாங்கிய பேச்சை இப்படித்தான் அடையாளம் காண்கிறோம். பெரியவர்களின் சொல் இருக்கும், சுற்றி எந்த விவரமும் இருக்காது. தானே கண்ட விஷயமென்றால் குழந்தை ஒழுங்கில்லாமல், தேவையில்லாத விவரங்களோடு சொல்லும். டிவி ஓடிக்கொண்டிருந்தது, தாத்தா குடையைத் தேடினார் என்று. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. உண்மையிலேயே நடந்ததைப் பத்துப் பேரிடம் பத்து முறை சொல்ல வைத்தால் அதுவும் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். ஆகவே "தாய் சொல்லிக் கொடுத்திருக்கிறார்" என்று நான் எழுதவில்லை. "குழந்தை பொருள் அறியாத ஒரு சொல்லைப் பயன்படுத்தினான், அது வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டதாக இருக்கலாம்" என்று எழுதினேன். பாட்டி வீட்டு வரவேற்பறையில் போனில் அடிபடும் பேச்சு குழந்தை காதில் விழுவதும், உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதும் ஒன்றல்ல.

அப்பா அழைத்து வந்த நாளில் வேறு கதிர். அப்பா மடியில் சாய்ந்துகொண்டு பிளாக் அடுக்கினான், அவர் அடுக்கியதைத் தட்டிவிட்டுச் சிரித்தான். இருபது நிமிடம் போயிருக்கும். அப்பா தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஆன்ட்டி, நான் சிரிச்சேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அந்த ஒரு வரியை அப்படியே, மேற்கோள் குறிக்குள், தேதியோடு கடிதத்தில் சேர்த்தேன். சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடிதத்தின் நகல் இரு தரப்புக்கும் போகும். அம்மா படிப்பார், குழந்தைக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியதாகிவிடுமே. அதனால்தான் முதல் சந்திப்பிலேயே குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிடுவது வழக்கம்: நீ இங்கே சொல்வதில் சிலதை ஜட்ஜுக்கு எழுதுவேன், எல்லாம் ரகசியம் இல்லை. கதிரிடமும் சொல்லியிருந்தேன். பிறகு அவனிடமே கேட்டேன், உனக்கு இரண்டு பேர் கூடவும் சிரிக்கணும்னு ஜட்ஜுக்குத் தெரிஞ்சா பரவாயில்லையா என்று. யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

படம் வரையச் சொல்லவில்லையா என்று வக்கீல்கள் கேட்பார்கள். வரையச் சொல்வேன், பேச்சை ஆரம்பிக்க அது நல்ல வழி. ஆனால் அதைச் சாட்சியமாக வைக்க மாட்டேன். அப்பாவைச் சின்னதாக வரைந்தான் என்பதற்கு, தாளில் இடம் தீர்ந்துவிட்டது என்றும் அர்த்தம் இருக்கலாம்.

இனி வாந்திக்கு வருகிறேன், வழக்கே அதில்தான் நிற்கிறது. அம்மா தினசரி நாள்காட்டித் தாள்களில் குறித்து வைத்திருந்தார். 11 வாரத்தில் 8 சனிக்கிழமை இரவு. அப்பா எதையும் குறித்து வைக்கவில்லை. ஆனால் பேச்சுவாக்கில், திரும்பக் கொண்டுவந்து விடும்போது காரிலும் சில சமயம் வாந்தி எடுப்பான், ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார். எந்தெந்த ஞாயிறு என்று அவர் போனில் இருந்த படங்களை வைத்து யோசிக்கச் சொன்னேன். 6 ஞாயிறு தேறியது. இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தபோது, அப்பா வீட்டில் இருந்த பகல் நேரத்தில் ஒரு நாள்கூட வாந்தி இல்லை. போகும் முன்பும் திரும்பும் முன்பும் மட்டும்தான்.

அப்பாவைக் கண்டு பயம் என்றால் அப்பா வீட்டில்தான் அதிகமாக இருக்க வேண்டும். அம்மாவைப் பிரிய முடியாத கலக்கம் என்றால் அம்மாவிடம் திரும்பும்போது அடங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. குழந்தையைக் கைமாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். அபார்ட்மென்ட் கேட். ஒருபக்கம் பாட்டி, மறுபக்கம் அப்பா. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க, ஜீவனாம்சப் பாக்கியிலிருந்து போன வாரம் தொலைந்த ஸ்வெட்டர் வரை அங்கேதான் பேசித் தீர்க்கிறார்கள். கதிர் நடுவில், பையை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

இன்னொரு விவரமும் கிடைத்தது. செஸ் வகுப்பு சேர்ந்த புதிதில் இரண்டு ஞாயிறு, அம்மா வகுப்பில் விட்டுப்போக, அப்பா அங்கிருந்தே கூட்டிப்போயிருக்கிறார். மாலையில் அப்பாவோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசும் தாய்மாமா போய் அழைத்து வந்திருக்கிறார். அந்த இரண்டு வாரமும் சனி இரவிலும் இல்லை, ஞாயிறு மாலையிலும் இல்லை.

இரண்டு வாரம் என்பது மிகச் சின்னக் கணக்கு. கடிதத்திலும் அப்படியே எழுதினேன்: "இந்த முடிவு இரண்டு வார நிகழ்வையும் பெற்றோரின் நினைவையும் சார்ந்தது. நான் கைமாற்றும் இடத்தை நேரில் காணவில்லை. இரு வீடுகளுக்கும் செல்லவில்லை. தந்தைவழிப் பாட்டி தாத்தாவைச் சந்திக்கவில்லை." நீதிபதிகள் முதலில் தேடிப் படிப்பது இந்தப் பத்தியைத்தான் என்று மூத்த வக்கீல் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். எதைச் செய்யவில்லை என்று எழுதாத அறிக்கையைக் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடத்தில் கிழித்துவிடலாம்.

கண்டது, கேட்டது, என் கருத்து. மூன்றையும் தனித்தனிப் பத்தியில் வைப்பேன். "குழந்தை தந்தையின் மடியில் சாய்ந்தான்" கண்டது. "சனி இரவு வாந்தி எடுக்கிறான் எனத் தாய் கூறினார்" கேட்டது. "குழந்தையின் உடல் தொந்தரவு ஒரு பெற்றோரைக் குறித்த அச்சத்தைவிட, இருவருக்கும் இடையே கடக்கும் தருணத்தோடு அதிகம் பொருந்துகிறது" கருத்து. பெரும்பாலான மோசமான கடிதங்களில் இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து கிடக்கும். "தந்தையின் கொடூர நடத்தையால் குழந்தை வாந்தி எடுக்கிறது" என்று ஒரு கடிதம் சொன்னால், எழுதியவர் கொடூரத்தைப் பார்த்தாரா, வாந்தியைப் பார்த்தாரா என்று கேளுங்கள். இரண்டையும் பார்த்திருக்க மாட்டார்.

பரிந்துரைகளைச் செய்து பார்க்கக்கூடிய அளவில் வைத்தேன். காலையில் கைமாற்றம் செஸ் வகுப்பில். மாலையில் தாய்மாமா போய் அழைத்து வருவது. கைமாற்றும் இடத்தில் பணமும் வழக்கும் பேசக் கூடாது. புதன்கிழமை மாலை 7 மணிக்கு அப்பாவோடு 15 நிமிடம் வீடியோ கால், அப்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் அங்கே என்ன சாப்பிட்டே, யார் வந்தாங்க, என்னைப் பத்தி என்ன பேசினாங்க என்று விசாரிக்கக் கூடாது. இதைக் கேட்டதும் அம்மா கோபப்பட்டார், என் பிள்ளையை நான் கேட்கக் கூடாதா என்று. கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும்போது கதிர் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதாக உணர்கிறான் என்பதை, அந்தச் சிரிப்பு விஷயத்தை நினைவூட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை அழைப்பு ஏன்? குழந்தையின் காலக்கணக்கு நம்முடையது அல்ல. இதை ஜோசப் கோல்ட்ஸ்டைன், ஆன்னா ஃபிராய்ட், ஆல்பர்ட் சோல்னிட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஒரு நூலில் அழுத்திச் சொன்னார்கள். குழந்தை வழக்குகளில் இன்றும் பேசப்படும் நூல் அது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வாரம் காணாமல் இருப்பவர் ஏறக்குறைய இல்லாமல் போனவர். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு வாரம் ஒரு முழு நாளைவிட இரண்டு மூன்று குட்டிச் சந்திப்பு நல்லது. ஏழு வயதுக்கு வாரம் தாங்கும், நடுவில் ஒரு தொடர்பு இருந்தால். அப்பா வீட்டில் இரவு தங்குவதைப் பற்றி 8 வாரம் கழித்து, வாந்தியும் தூக்கமும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று எழுதினேன். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை.

அதே 1973-இல்தான் நம் உச்ச நீதிமன்றம், மதராஸிலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற பொருளில் தீர்ப்பளித்தது. சட்டத்தில் குழந்தையின் நலனே முதன்மை என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் முன்பே சொல்லியிருந்தது. நலன் என்பது ஒரு சொல்தான். சனி இரவு, செஸ் வகுப்பு, தாய்மாமா என்று அதற்கு உருவம் கொடுப்பது இந்தக் கடிதத்தின் வேலை.

குழந்தையையே கேட்டால் தீர்ந்ததே என்பார்கள். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. இத்தனை வயது என்று அதில் எண் எதுவும் இல்லை. நீதிபதிகள் பலர் குழந்தையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுகிறார்கள். ஆனால் "உனக்கு யாரோட இருக்கப் பிடிக்கும்?" என்ற கேள்வியை நான் எந்தக் குழந்தையிடமும் கேட்பதில்லை. இருவரில் ஒருவரைத் தோற்கடிக்கச் சொல்வது அது. பதிலாக, காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடுவே, ஹோம்வொர்க் புரியலைன்னா யார்கிட்ட போவே, பயங்கரமான கனவு வந்தா என்ன செய்வே என்று கேட்பேன். கதிர் காய்ச்சலுக்கு அம்மா, சைக்கிளுக்கு அப்பா, கனவுக்குப் பாட்டி என்றான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை தன்மேல் நடந்த பாலியல் சீண்டலைச் சொன்னால் அங்கே இந்தக் கடிதத்தின் வேலை முடிந்தது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அறிக்கை முடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

இப்போதெல்லாம் மனுக்களில் 'பேரன்டல் ஏலியனேஷன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஒரு பெற்றோர் குழந்தையின் மனத்தை மற்றவருக்கு எதிராகத் திருப்புவது என்று பொருள். 2017-இல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. அப்புறம் எல்லா அப்பாக்களும் எல்லா அம்மாக்களும் இதை எடுத்து வீச ஆரம்பித்தார்கள். 2024-இல் அதே நீதிமன்றம், குறிப்பான நடத்தை எதுவென்று தனித்தனியாகக் காட்டாமல் ஒருவர்மேல் அவசரப்பட்டு இந்தப் பட்டத்தைச் சூட்டக் கூடாது என்று எச்சரித்தது. அது சரியான எச்சரிக்கை என்பதே என் எண்ணம். குழந்தை ஒருவரை மறுப்பதற்குப் பல காரணம் உண்டு. அடி வாங்கியிருக்கலாம், அந்த வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட் போய்விடுகிறதே என்றும் இருக்கலாம்.

நன்றாகச் செய்யப்பட்ட பரிசோதனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கேரள வழக்கு இருக்கிறது. ஒரு சிறுவனின் கஸ்டடியைத் தந்தைக்கு அளித்த உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. பிறகு அவனுக்குக் கடுமையான பதற்றம் இருப்பதாக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் அறிக்கைகள் உட்பட மருத்துவ ஆவணங்களோடு தாய் மறுசீராய்வுக்குப் போனார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய முடிவையே திரும்பப் பெற்று, சிறுவனைத் தாயிடம் இருக்கவிட்டு, தந்தைக்குச் சந்திப்பு உரிமை அளித்தது. மறுசீராய்வில் முடிவு மாறுவது அபூர்வம் என்பது வக்கீல்களுக்குத் தெரியும். குழந்தை தொடர்பான உத்தரவு கல்லில் செதுக்கியது அல்ல, குழந்தையின் நிலை மாறினால் அதுவும் மாறலாம் என்பதே அங்கே அடிப்படை. என் கடிதங்களின் கடைசி வரி எப்போதும் மறுபரிசீலனைத் தேதியாக இருப்பதும் அதனால்தான். கதிருக்கு மூன்று மாதம்.

இன்னொரு வாசகரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கதிர் என்றாவது பெரியவனாகி வீட்டு அலமாரியில் இந்தக் கட்டைக் கண்டெடுப்பான். தன் அம்மாவையோ அப்பாவையோ ஒரு அந்நியர் கேவலப்படுத்தி எழுதியதை அவன் படிக்க நேரக் கூடாது.

கடிதம் வேண்டி வருபவர்களுக்குச் சில விஷயம். உளவியலாளரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், அறிக்கையின் அடியில் அது இருக்க வேண்டும். ஒருவர் எழுதியது பிடிக்கவில்லை என்று குழந்தையை அடுத்தவரிடம் இழுத்துப் போகாதீர்கள். மூன்றாவது அறையில் அது உங்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும். முதல் நாள் வரும்போது நீதிமன்ற உத்தரவின் நகல், பள்ளி ரிப்போர்ட், குழந்தை மருத்துவரின் சீட்டு மூன்றையும் கொண்டுவாருங்கள். கூடவே மற்றவரின் போன் நம்பரும் வேண்டும். அவரைக் கூப்பிடாமல் என்னால் முதல் பத்தியைக்கூட எழுத முடியாது.